புதுப்பிப்பு: கடலை எண்ணெய் டின் கணக்கு

முன்பு கேட்டது: "மாதம் 3 லிட்டர் செலவாகும் வீட்டுக்கு 15 கிலோ டின் 3,000 ரூபாய்க்கு வாங்கலாமா, 190 ரூபாய் லிட்டர் பாக்கெட்டே போதுமா?"

செக்கு வைத்திருக்கும் அண்ணன் சொன்னதுதான் திருப்பம். டின் கிலோவில், பாக்கெட் லிட்டரில். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் என்பதால், டின்னில் ஏறக்குறைய 16.5 லிட்டர் இருக்கும். பாக்கெட்டாக வாங்கினால் அதற்கு 3,135 ரூபாய். ஆக, மிச்சம் 135.

டின் தீர ஐந்தரை மாதம் ஆகும். எங்கள் நகைக்கடனுக்கு மாதம் 1 சதவீத வட்டி, டின்னில் போடும் பணத்தை அந்தக் கடனில் கட்டியிருக்கலாம். முடங்கும் பணம் சராசரியாகப் பாதி, 1,500 என்று வைத்தால் சுமார் 80 ரூபாய் அதிலேயே போகிறது. கடைசி ஒரு லிட்டர் சிக்கு வாடை அடித்தாலோ இன்னொரு 180. நஷ்டம்தான்.

"டின்னில் கெடவே கெடாது" என்றார் ஒருவர். திறக்காத வரை அது ஓரளவு சரி. திறந்தபின் எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று கூடுகிறது, வாடை அதனால்தான் வருகிறது. விடுதி நடத்தும் அக்கா ஒரு வாரத்தில் டின்னைக் காலி செய்கிறார், அவருக்கு இந்தச் சிக்கலே இல்லை.

அதனால் தங்கை வீட்டோடு பாதிப் பாதி. திறந்த அன்றே ஈரமில்லாத சிறு கேன்களில் விளிம்பு வரை நிரப்பி, இருட்டு அலமாரியில் வைத்தோம். மூன்று மாதத்துக்குள் தீரும், வட்டியும் பாதி. இரண்டு வீட்டுக்குமாக 95 ரூபாய் போல மிஞ்சும்.

இடையில் விலை இறங்கினால் என்ன செய்வது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அதற்கு இன்னும் பதில் இல்லை.