புதுப்பிப்பு: சாயங்கால லேக், லெட்டர் குடுத்ததுக்கு அப்புறம்

"ராத்திரி ஏழரை ஆனா கன்சோல்ல பிங் எகிறுது, ஸ்பீட் டெஸ்ட் மட்டும் சூப்பரா காட்டுது. கம்பெனிக்கு என்னன்னு எழுதுறது?"

அம்மாபேட்டைல இருந்து மறுபடியும் நான்தான், மேல இருக்குறது போன தடவை நான் கேட்ட கேள்வி. வைஃபைதான் காரணம்னு சொன்ன தம்பி, பாதி சரி. லேன் வயர் போட்டதும் சின்னச் சின்ன தடுமாற்றம் நின்னுச்சு, ஆனா ராத்திரி எகிறல் அப்படியேதான். ஏற்காடு அக்கா, மழை வந்தா உங்களுக்கு நெட்டே போகுதுன்னா அது லைன் அறுந்த கேஸ், இது வேற.

நெட்வொர்க் வேலை பாக்குற அண்ணன் சொன்னபடி, வீட்ல யாரும் வீடியோ பாக்காதப்ப, லேப்டாப்ல வயரை மாட்டி காலைல ஒருதடவை ராத்திரி ஒருதடவை இதை ஓட்டினேன், போற வழில இருக்குற ஒவ்வொரு ரவுட்டரும் பதில் சொல்ல எவ்ளோ நேரம் ஆகுதுன்னு வரிசையா காட்டும்:

```
tracert 8.8.8.8
```

முதல் வரி நம்ம ரவுட்டர், ரெண்டு நேரமும் 1 மில்லிசெகண்ட்தான். ரெண்டாவது வரி கம்பெனியோடது, காலைல 6, ராத்திரி 140, அதுக்குக் கீழ எல்லா வரியும் அதே உயரத்துல நிக்குது. நடுவுல ஒரே ஒரு வரி மட்டும் எகிறி அடுத்தது இறங்கிட்டா அதைக் கணக்குல எடுக்காதீங்க, அந்த ரவுட்டர் பிங்குக்கு மெதுவா பதில் சொல்லுது, அவ்ளோதான்.

லெட்டர்ல "நெட் ஸ்லோ"ன்னு எழுதல, எழுதினா ஸ்பீட் டெஸ்ட் எடுத்துக் காட்டி கேஸை மூடிருவாங்க. ரெண்டு ஸ்கிரீன்ஷாட், நேரம், டாக்கெட் நம்பர், "உங்க ஏரியா லிங்க் ராத்திரி நிரம்புதான்னு பாருங்க"ன்னு ஒரு வரி. முதல்ல பிளானை ஏத்துங்கன்னாங்க (கடுப்பாயிடுச்சு), அப்புறம் லைனை வேற போர்ட்டுக்கு மாத்தினாங்க. இப்ப வாரநாள்ல 20-க்குள்ள. ஞாயித்துக்கிழமை மட்டும் இன்னும் தொங்குது, அதனால அப்பீல் போடப் போறேன், அதுக்குக் காசு கிடையாது.