சி.டி. கோரிக்கைக் கடிதம்: இந்த வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்

ரேடியாலஜி நண்பர்களே, ஓர் உதவி. வார்டின் அவசரக் குறிப்புகளை ஸ்கேன் கோரிக்கையாகச் சுருக்கி எழுதப் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். மாதிரிக்கு ஒரு கற்பனை நோயாளியின் குறிப்பு:

“62 வயதுப் பெண். மூட்டு மாற்று அறுவை முடிந்து 10 நாள். நேற்றிரவு திடீரென மூச்சுத்திணறல், வலப்பக்க நெஞ்சு வலி. நாடி 112, ஆக்சிஜன் 91%. சர்க்கரை, மெட்ஃபார்மின். பித்தப்பை எடுத்தது 1998. ஈ.ஜி.எஃப்.ஆர் 38. முன்பு கான்ட்ராஸ்ட் ஊசியில் தடிப்பு.”

என் வரைவு:

“நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி உள்ளதா? 62 வயதுப் பெண், மூட்டு மாற்று அறுவையின் 10-ஆம் நாள். திடீர் மூச்சுத்திணறல், வலப்பக்க நெஞ்சு வலி. நாடி 112, ஆக்சிஜன் 91%. வெல்ஸ் மதிப்பெண் 6. ஈ.ஜி.எஃப்.ஆர் 38. முன்பு கான்ட்ராஸ்டுக்குத் தோல் தடிப்பு.”

கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வெறும் ‘நெஞ்சு சி.டி.’ என்று கேட்டால், தமனியில் கான்ட்ராஸ்ட் நிறையும் நேரத்தில் படம் எடுக்காமல் போகலாம்; அப்போது கட்டி கண்ணுக்குத் தப்பிவிடும். பித்தப்பையை விட்டுவிட்டேன். அறுவைக்குப் பின் டி-டைமர் எப்படியும் கூடியிருக்கும், மதிப்பெண்ணும் 4-ஐத் தாண்டிவிட்டது, அதனால் அதைக் கேட்கவே இல்லை.

சரி, என் சந்தேகங்கள்: தடிப்பு எந்த மருந்துக்கு, எவ்வளவு கடுமையாக வந்தது என்பதையும் சேர்க்க வேண்டுமா? ஈ.ஜி.எஃப்.ஆர் 38 இருக்கும்போது மெட்ஃபார்மினைக் குறிப்பிடுவது உங்களுக்குப் பயன்படுமா, அது வார்டே பார்த்துக்கொள்ளும் விஷயமா? முந்தைய எக்ஸ்ரே முடிவுக்கும் ஒரு வரி ஒதுக்கலாமா?