612 பொருள்கள்: பக்க எண்ணா, ‘மேலும் காட்டு’ பொத்தானா, முடிவில்லாத உருட்டலா?

பரந்தன்கடை
உழவு மெசின், தண்ணீர் பம்ப், மருந்தடிக்கிற மெசின் பாகங்கள் விற்கிறோம். தளத்தில் 612 பொருள்கள். பம்ப் பாகங்கள் மட்டும் 168. இப்போது பக்கத்துக்கு 24 பொருள், கீழே 1, 2, 3 என்று பக்க எண் இருக்கிறது. தளம் செய்து தந்த தம்பி, "இது பழைய முறை, உருட்ட உருட்டத் தானாக வருவது போல் மாற்றுவோம்" என்கிறார். காலபோக விதைப்புக்கு முன் முடிவெடுக்க வேண்டும். எது நல்லது?

சேலைக்கடை_அக்கா
தம்பி சொல்வது சரி. புதுக்குடியிருப்பில் எங்கள் கடைக்குப் போன தைப்பொங்கலுக்கு அப்படித்தான் மாற்றினோம். பெண்கள் இரவு படுத்துக்கொண்டு உருட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பக்க எண்ணை யார் அழுத்துவது?

மாங்குளம்_கோடு
அக்கா, சேலை பார்க்கிறவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியாது. கண்ணில் பட்டது பிடித்தால் வாங்குவார். அதற்கு உருட்டல் பொருந்தும். பம்ப் சீல் உடைந்து, வயலில் தண்ணீர் நிற்காமல் தவிக்கிறவர் அப்படி இல்லை. நான்கு சீலைத் திறந்து பார்ப்பார், அளவை ஒப்பிடுவார், முதலில் பார்த்ததற்கே திரும்பி வருவார். அவருடைய சிக்கல் முழுவதும் அந்தத் ‘திரும்பி வருவதில்’தான்.

அப்புறம் ஒன்று. உங்கள் கடைத் தொலைபேசி இலக்கம் தளத்தில் எங்கே இருக்கிறது?

சேலைக்கடை_அக்கா
அடியில். ஏன்?

மாங்குளம்_கோடு
கைபேசியில் அதைத் தொட்டுப் பாருங்கள்.

சேலைக்கடை_அக்கா
…அடி தெரிகிறது, தொடப் போனால் அடுத்த சேலைகள் வந்து கீழே தள்ளிவிடுகிறது. அதுதான் ‘நம்பர் போடவில்லையோ’ என்று முகநூலில் கேட்டார்களா! சரி, நம்பரை மேலே ஏற்றுகிறேன். ஆனாலும் உருட்டலை விட மாட்டேன்.

முறிகண்டியான்
உருட்டல் வைத்தால் கூகுளுக்கு முதல் 24 பொருளுக்கு மேல் தெரியாது. ‘மேலும் காட்டு’ பொத்தானும் அதே கதைதான், கூகுள் பொத்தானை அழுத்தாது. ஆகவே பக்க எண்ணே சரி. கூகுளே தன் தேடல் முடிவில் உருட்டலைக் கொண்டுவந்து 2024இல் கைவிட்டது தெரியும்தானே.

மாங்குளம்_கோடு
பாதி சரி. பொத்தானை அழுத்தாது, உருட்டவும் உருட்டாது. ஆனால் இணைப்பைப் பின்தொடரும். அதனால் பொத்தானை வெறும் பொத்தானாக எழுதாமல், அடுத்த பக்கத்துக்கான இணைப்பாக எழுத வேண்டும்:

```
<a class="more" href="/pumps?page=2">மேலும் 24 பொருள்கள்</a>
```

தொடும்போது ஸ்கிரிப்ட் குறுக்கிட்டு, அடுத்த 24ஐ அதே பக்கத்தின் கீழே சேர்க்கும். ஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் சாதாரண இணைப்பாகவே இரண்டாம் பக்கத்துக்குப் போகும். கூகுளும் அந்த வழியால் போகும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ‘இதுதான் மூலப் பக்கம்’ என்று கூகுளுக்குச் சொல்லும் canonical குறிப்பை எல்லாப் பக்கத்திலும் முதல் பக்கத்துக்குக் காட்டுவது. அது ‘மற்றப் பக்கங்களைக் கணக்கெடுக்காதே’ என்று நாமே சொல்வது போல.

வவுனியா_மெக்கானிக்
168 பொருளை யார் பார்க்கப் போகிறார்கள்? என்னிடம் வருகிறவர் ‘இரண்டு அங்குலமா, மூன்று அங்குலமா’ என்பதற்குத்தான் பதில் சொல்வார். முதலில் அதைக் கேளுங்கள். பட்டியல் 20க்கு வந்துவிடும்.

மாங்குளம்_கோடு
கேள்வி அது இல்லை. ஆனால் ஓம், அதையும் செய்ய வேண்டும்.

பரந்தன்கடை
பக்க எண்ணை எடுக்க எனக்குத் தயக்கம். மல்லாவியில் இருந்து ஒரு ஐயா கோல் எடுத்து, ‘தம்பி, ஐந்தாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது’ என்பார். கல்லாவில் நிற்கிற பையன் திறந்து பார்ப்பான். ஆனால் போன மாதம் பொருள் மாறிப் போய்விட்டது.

மாங்குளம்_கோடு
‘புதியது முதலில்’ என்று அடுக்கி வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் காலையில் நீங்கள் ஆறு புதுப் பொருள் ஏற்றினால், பட்டியல் முழுவதும் ஆறு இடம் கீழே இறங்கும். ஐயா பார்த்த மூன்றாவது இப்போது ஒன்பதாவது. உருட்டலிலும் இதே கோளாறு வரும்: பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ஏற்றினால், முன்பு கடைசியாக வந்த ஆறும் அடுத்த 24இல் மறுபடி வரும். பாகங்களுக்கு அளவு வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றின் கீழும் கடைக் குறியீட்டைப் பெரிய எழுத்தில் போடுங்கள். ஐயா ‘பி 117’ என்று சொல்லட்டும்.

பரந்தன்கடை
தம்பி ‘மேலும் காட்டு’ முறையைச் சோதனைக்குப் போட்டுக் காட்டினார். அவர் போனில் திரும்பிப் போனால் அதே இடத்துக்கே வருகிறது. என் பழைய போனில் நான்கு தரம் அழுத்தி 120 வரை போய், ஒரு சீலைத் திறந்துவிட்டுத் திரும்பினால் முதல் 24இல் நிற்கிறது. ஏன்?

மாங்குளம்_கோடு
இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நீங்கள் சீலைத் திறக்கும்போது உலாவி பழைய பக்கத்தை அப்படியே நினைவகத்தில் உறைய வைக்கும். திரும்பினால் 120 பொருளும் இருந்த இடத்திலேயே இருக்கும். அது உலாவி செய்யும் உபகாரம், உத்தரவாதம் இல்லை. சின்ன நினைவகம் உள்ள போனில் இடையில் கமரா திறந்தாலே உறைந்த பக்கத்தைத் தூக்கி எறிந்துவிடும். பிறகு திரும்பினால் பக்கம் புதிதாக ஏறும், முதல் 24தான் இருக்கும். ஆகவே தளமே எந்தப் பக்கம் என்பதை முகவரியில் எழுதி வைக்க வேண்டும்:

```
history.replaceState(null, "", "?page=" + n);
```

pushState போடாதீர்கள். போட்டால் நான்கு தரம் அழுத்தியவர் வெளியே போக நான்கு தரம் கூடுதலாகத் திரும்ப வேண்டும்.

தம்பியின் போன் நல்ல போன் என்பதால் அவருக்குக் கோளாறு தெரியாது. கணினியில் குரோமின் DevTools-ஐத் திறந்தால் Application பகுதியில் Back/forward cache என்று ஒரு சோதனை இருக்கிறது. பக்கம் உறைய முடியுமா, முடியாவிட்டால் என்ன தடுக்கிறது என்று சொல்லும். ஆனால் உங்கள் பழைய போன்தான் இங்கே உண்மையான சோதனை.

முறிகண்டியான்
சரி, திரும்பும்போது ?page=5 வருகிறது. சேவையகம் 24ஐ அனுப்புமா, 120ஐ அனுப்புமா? படம் ஒன்று 30 கிலோபைட் என்றால் 120க்கு 3.6 மெகாபைட். டேட்டா காட் போட்டுப் பார்க்கிறவருக்கு அது காசு. பக்க எண் என்றால் எப்போதும் 24தான்.

மாங்குளம்_கோடு
நல்ல கேள்வி. படங்களுக்கு loading="lazy" கொடுத்தால் திரைக்கு அருகில் வருவது மட்டும்தான் இறங்கும், முன்பு இறங்கியது பெரும்பாலும் போனிலேயே இருக்கும். உயரத்தையும் அகலத்தையும் எழுதாவிட்டால் படம் வர வர வரிசை குதிக்கும், அதைக் கவனியுங்கள். நான் செய்வது: ஐந்தாவது 24ஐ மட்டும் அனுப்பி, மேலே ‘முந்திய பொருள்கள்’ என்று இன்னொரு பொத்தான். கூகுளுக்கும் அதே பக்கம்தான் போகும்.

முறிகண்டியான்
மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான். அது பக்க எண் இல்லாமல் வேறு என்ன?

மாங்குளம்_கோடு
ஓம், கிட்டத்தட்ட அதுதான். ஆனால் முதலில் பார்த்த சீலும் நான்காவது சீலும் ஒரே பட்டியலில் கண்ணுக்கு முன்னால் இருக்கும். பக்க எண்ணில் அது கிடைக்காது.

பரந்தன்கடை
பம்ப் பகுதிக்கு மட்டும் பொத்தானைப் போட்டுப் பார்க்கிறேன், மெக்கானிக் சொன்ன அங்குலத்தையும் சேர்த்து. மற்றதுக்குப் பக்க எண் இருக்கட்டும். குறியீடு எழுதுகிற வேலை பையனுக்கு, 612ஐயும். இப்போதே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.

வவுனியா_மெக்கானிக்
மூன்று அங்குலச் சீல் இருப்பில் இருக்கிறதா? எனக்கு அதில் இரண்டு வேண்டும்.