வெப்பநிலை உணரியின் ‘ரெஸ்பான்ஸ் டைம்’: தமிழில் எப்படிச் சொல்வது?

கயல்விழி:

எல்லோருக்கும் வணக்கம். வெப்பநிலை உணரி ஒன்றின் விவரத்தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எஃகு உறைக்குள் வைத்து மூடிய, 6 மி.மீ. குறுக்களவுள்ள உணரி அது. தாளில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து வருகின்றன. முதல் வரியில் கலக்கிய நீரில் ‘ரெஸ்பான்ஸ் டைம்’ சில நொடி என்றிருக்கிறது. அடுத்த வரியில் அசைவற்ற காற்றில் ‘டைம் கான்ஸ்டன்ட்’ சில நிமிடம் என்றிருக்கிறது. இரண்டாவதற்கு ‘நேர மாறிலி’ பாடநூல்களில் ஏற்கெனவே உண்டு. முதலாவதற்கு என்ன வைக்கலாம்? இரண்டும் ஒன்றேதான் என்றால் ஒரே சொல்லை இரண்டு வரியிலும் போட்டுவிடலாமா?

செந்தில்:

‘மறுமொழி நேரம்’ போதுமே. கேள்வி கேட்டால் உணரி பதில் தர எடுக்கும் நேரம் அது. நான் DS18B20 என்ற வெப்பநிலைச் சில்லு வைத்து வேலை செய்திருக்கிறேன். 12 பிட் அளவீட்டில் அது எண்ணைத் தர அதிகபட்சம் 750 மில்லிநொடி எடுக்கும். அதைத்தானே சொல்கிறார்கள்?

முத்துவேல்:

செந்தில், அது வேறு நேரம். சில்லு தன் வெப்பநிலையை எண்ணாக மாற்ற எடுக்கும் நேரம் அந்த 750 மில்லிநொடி. நீரில் போட்டாலும் காற்றில் தொங்கவிட்டாலும் அது மாறாது. கயல்விழி கேட்பது, சில்லே சுற்றுப்புறத்தின் வெப்பநிலைக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதை. சில்லு இன்னும் சூடாகவில்லை என்றால், அந்தப் பழைய வெப்பநிலையைத்தான் 750 மில்லிநொடியில் மிகச் சரியாகச் சொல்லும்.

கயல்விழி, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் உறவுள்ளவை. உணரியின் வெப்பம் ஒரே வழியில், ஒரே தடையைக் கடந்து போனால், வெப்பநிலை மாறுவது நேர மாறிலி என்ற இந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிடும்:

```
τ = m·c / (h·A)
```

மேலே இருப்பது உணரி எவ்வளவு வெப்பத்தை விழுங்கும் என்பது. கீழே இருப்பது சுற்றியுள்ள பாய்மம் எவ்வளவு வேகமாக அதைக் கொடுக்கும் என்பது. A என்பது மேற்பரப்பு. h-இல்தான் எல்லாம் இருக்கிறது. அசைவற்ற காற்றில் கதிர்வீச்சையும் சேர்த்தால் அது ஏறத்தாழ 10 முதல் 15 வரை (சதுர மீட்டருக்கு, ஒரு பாகைக்கு, வாட் கணக்கில்). கலக்கிய நீரில் ஆயிரத்தைத் தாண்டும். பெயரில் ‘மாறிலி’ என்று இருந்தாலும் அது உணரிக்கு மட்டும் சொந்தமான எண் இல்லை. உணரியும் ஊடகமும் சேர்ந்த எண்.

ரெஸ்பான்ஸ் டைம் என்பது வெறுமனே ஓர் அளவு. வெப்பநிலையைச் சட்டென்று மாற்றினால், அந்த மாற்றத்தில் 50 விழுக்காட்டை எட்ட எவ்வளவு, 90 விழுக்காட்டை எட்ட எவ்வளவு என்று கடிகாரம் பார்த்துச் சொல்வது. பிளாட்டின உணரிகளுக்கு இந்த இரண்டையும்தான் தருவார்கள். தெர்மிஸ்டருக்கு 63.2 விழுக்காடு வழக்கம்; ஒரு நேர மாறிலி கடந்ததும் எட்டும் அளவு அது.

செந்தில்:

சரி, புரிந்தது. அப்படியானால் h நூறு மடங்கு கூடினால், நேரமும் நூறில் ஒன்றாகக் குறையும். ஓர் ஊடகத்துக்கு எண் தெரிந்தால் மற்றதைக் கணக்கிட்டுவிடலாம். தாளில் ஒரு வரியே போதும் அல்லவா?

முத்துவேல்:

பாதி சரி. காற்றில் வெளித்தடைதான் பெரிது, உள்ளே நடப்பதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. நீரில் அந்த வெளித்தடை ஏறக்குறைய மறைந்துவிடும். அப்போது உறைக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள பசையும் காற்று இடைவெளியும்தான் தடுக்கின்றன. அதை எவ்வளவு கலக்கினாலும் குறைக்க முடியாது.

இதே அளவுள்ள ஓர் உணரியை நான் சோதித்திருக்கிறேன். 25 பாகையில் இருந்ததை நன்றாகக் கலக்கிய 65 பாகை நீரில் இறக்கினேன். 40 பாகை மாற்றத்தில் 63.2 விழுக்காடு என்றால் 50.3 பாகை. அதை 7 நொடியில் தொட்டது. 90 விழுக்காடு, அதாவது 61 பாகை, 19 நொடியில் வந்தது. ஒற்றை நேர மாறிலி மட்டும் இருந்தால் 90 விழுக்காடு 2.3 மடங்கில், அதாவது 16 நொடியில் வந்திருக்க வேண்டும். கம்பி வழியாகவும் உறையின் நீருக்கு மேலுள்ள பகுதி வழியாகவும் வெப்பம் ஒழுகுவதால் வால் நீள்கிறது. இங்கே ‘நேர மாறிலி’ என்று ஒரே எண் சொன்னால் அது பொய் பேசும். ‘90 விழுக்காட்டுக்கு 19 நொடி’ என்றால் மெய்.

பிறகு அதே உணரியை 65-இலிருந்து 25 பாகைக் காற்றில் விட்டேன். 39.7 பாகைக்கு இறங்க 5 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. நீரை விட நாற்பது மடங்கு. நூறு மடங்கு இல்லை.

யாராவது செய்து பார்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். நீரிலிருந்து எடுத்த உணரியை ஈரத்தோடு காற்றில் விடாதீர்கள். ஆவியாதல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், அறை வெப்பநிலைக்கும் கீழே போய்த் திரும்பி வரும், எண் முழுதும் கெடும். மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துச் சூடாக்கி, உலர்ந்த நிலையில் வெளியே எடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், நீங்களும் தள்ளி நில்லுங்கள்.

நாச்சியார்:

குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். முட்டை அடைகாப்புப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். விசிறி இல்லாதது. உணரி 37.5 காட்டியதும் ஹீட்டர் நிற்கும்படி செய்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் வைத்த மெல்லிய வெப்பமானி 40-ஐத் தொடுகிறது. உணரி இதே வகைதான். தாளில் 7 நொடி என்று பார்த்ததால் உணரியைச் சந்தேகிக்கவே இல்லை, ரிலேவை மாற்றினேன். உணரிதான் காரணமா?

முத்துவேல்:

அம்மா, அந்த 7 நொடி நீருக்கு. உங்கள் பெட்டியில் இருப்பது அசைவற்ற காற்று, சுமார் 5 நிமிடம். வெப்பநிலை சீராக ஏறும்போது உணரி காட்டும் பின்னடைவு, ஏறும் வேகத்தை நேர மாறிலியால் பெருக்கியது. நிமிடத்துக்கு அரைப் பாகை ஏறினால் 5 × 0.5 = 2.5 பாகை. உணரி 37.5 சொல்லும்போது காற்று 40-இல் இருக்கும். ரிலே குற்றமற்றது. ஹீட்டரின் திறனைக் குறையுங்கள், அல்லது உறையில்லாத சிறு தெர்மிஸ்டர் போடுங்கள். சிறு விசிறியும் உதவும்.

கயல்விழி:

நாச்சியார் அம்மாவின் பெட்டியே என் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. ஊடகத்தைச் சொல்லாத வரியை வாசகர் நம்பிவிடுகிறார். சொல்லுக்கு வருகிறேன். ‘மறுமொழி நேரம்’ கேள்வி–பதிலை நினைவூட்டுகிறது, செந்தில் போன இடத்துக்கே மற்றவரும் போவார். ‘எட்டு நேரம்’ யோசித்தேன், ஆனால் எண் எட்டு என்று படிப்பார்கள். ‘அடைநேரம்’ எப்படி? ‘90% அடைநேரம், கலக்கிய நீரில்: 19 நொடி’. விழுக்காடு இல்லாமல் அந்தச் சொல் குறைபட்டு நிற்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

செந்தில்:

உளவியலில் தூண்டல்–துலங்கல் இருக்கும்போது ‘துலங்கல் நேரம்’ ஏன் கூடாது? மின்னணுவியலிலும் அதைப் புழங்கலாம். ‘அடைநேரம்’ உணரிக்கு மட்டும் பொருந்தும்.

முத்துவேல்:

பொதுச்சொல்லாக ‘துலங்கல் நேரம்’ இருக்கட்டும். எண்ணோடு வரும்போது ‘90% அடைநேரம்’ தெளிவு என்பது என் எண்ணம். ‘நேர மாறிலி’யை ஒரே எண் முழு மாற்றத்துக்கும் உண்மையில் பொருந்தும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அசைவற்ற காற்றில்கூட அது முழுக்கப் பொருந்தாது. வெப்பநிலை வேறுபாடு பெரிதாக இருக்கும்போது காற்றோட்டம் தானே வலுக்கும், முதலில் சற்று வேகமாகவே குளிரும்.

கயல்விழி:

அப்படியே எழுதிவிடுகிறேன். ஒன்று மிச்சம்: தெர்மிஸ்டர் தாள்களில் ‘கலக்கிய எண்ணெய்’ வருகிறது. நீரை விட எண்ணெயில் h குறைவுதானே? ‘கலக்கிய நீர்மம்’ என்று பொதுவாகப் போட்டால் இரண்டையும் ஒப்பிட்டுவிடுவார்கள். கலக்கும் வேகத்தையும் சேர்த்து எழுத வேண்டுமா?