சந்தை ஆய்வால் கூடும் மதிப்பு: சொல் ஒன்று வேண்டும்

கயல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திட்ட மதிப்பீட்டுப் பாடநூல் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக ஒரு சொல்லில் நிற்கிறேன். ஆலை கட்டுவதற்கு முன் சந்தை ஆய்வு செய்தால், அதனால் திட்டத்தின் நிகர நடப்பு மதிப்பு சராசரியாக எவ்வளவு கூடும்? அந்தக் கூடுதல் தொகைக்குப் பெயர் வேண்டும். ஈவிஎஸ்ஐ என்பார்களே, அதுதான்.

சொல்லுக்குச் சொல் போட்டால் 'மாதிரித் தகவலின் எதிர்பார்ப்பு மதிப்பு' என்று வருகிறது. இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒருவர் 'மாதிரி' என்றால் எடுத்துக்காட்டுக்காகத் தந்த தகவல் என்று எடுத்துக்கொண்டார். இன்னொருவர் 'எதிர்பார்ப்பு' என்றால் முதலாளி ஆசைப்படும் தொகை என்று நினைத்தார்.

நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான். எந்த நாணயமானாலும் சரி, எல்லாம் கோடியில். ஆலை கட்ட 100 ஆகும். சந்தை நன்றாக இருந்தால் வரவுகளின் இன்றைய மதிப்பு 180, அதாவது நிகரம் 80. சந்தை மந்தமானால் வரவு 40தான், 60 நட்டம். இரண்டுக்கும் வாய்ப்பு சரிபாதி. ஆய்வு செய்பவர்களின் பழைய கணக்கைப் பார்த்தால், நல்ல சந்தையாக இருந்தபோது நூற்றுக்கு 80 தடவை 'கட்டலாம்' என்றும், மந்தமாக இருந்தபோது நூற்றுக்கு 70 தடவை 'வேண்டாம்' என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

முருகன் எழுதியது:

கயல், 'ஆய்வு மதிப்பு' என்றே வைத்துவிடலாமே. கணக்கும் எளிதுதான். ஆய்வு செய்யாமல் கட்டினால் 80இல் பாதி 40, 60இல் பாதி 30, மிச்சம் 10. ஆய்வு 80 சதவீதம் சரி என்பதால், 'கட்டலாம்' என்று பதில் வந்தபின் சந்தை நன்றாக இருக்க 80 சதவீதம் வாய்ப்பு. அப்போது 64இலிருந்து 12 போக 52. ஆக ஆய்வின் மதிப்பு 42.

இளங்கோ எழுதியது:

முருகன், அந்த 10 சரி. 42 சரியில்லை. அது தப்பு என்று பார்த்தவுடனே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆய்வு ஒருபோதும் பொய்க்காது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நல்ல சந்தை பாதி தடவைதான் வரும், அந்தப் பாதியில் தடவைக்கு 80 என்றால் சராசரி 40. மந்தம் என்று தெரிந்தால் கட்டமாட்டோம், அங்கே சுழியம். 40இல் 10 போனால் 30. பொய்க்காத ஆய்வுக்கே 30 என்றால், பொய்க்கும் ஆய்வுக்கு 42 எப்படி வரும்?

இதே நிலைமை 100 தடவை வந்ததாக எண்ணிப் பாருங்கள். 50 தடவை நல்ல சந்தை. அதில் 40 தடவை 'கட்டலாம்', 10 தடவை 'வேண்டாம்'. மந்தமான 50இல் 35 தடவை 'வேண்டாம்', 15 தடவை தவறாகக் 'கட்டலாம்'. ஆக 'கட்டலாம்' என்ற பதில் மொத்தம் 55 தடவை, அதில் 40தான் உண்மையில் நல்ல சந்தை. இது சுமார் 73 சதவீதம், 80 அல்ல. நல்ல சந்தையில் ஆய்வு என்ன சொல்லும் என்பது ஒன்று; ஆய்வு நல்லது என்று சொன்னபின் சந்தை எப்படி இருக்கும் என்பது வேறொன்று. ஆய்வறிக்கை கைக்கு வந்ததும் பலர் சறுக்குவது இங்கேதான்.

இப்போது பணத்தைப் பாருங்கள். ஆய்வு செய்து, அது சொன்னபடி நாம் முடிவெடுத்தால் 40 தடவை 80 வரும், 15 தடவை 60 போகும். 3200இல் 900 போக 2300. தடவைக்கு 23. ஆய்வில்லாமல் 10. வித்தியாசம் 13. கயல் பெயர் கேட்பது இந்த 13க்குத்தான்.

இந்த 13 எங்கிருந்து வந்தது? 'கட்டலாம்' என்ற பதிலால் ஒன்றும் கூடவில்லை. அது இல்லாமலேயே கட்டியிருப்போம். 'வேண்டாம்' என்ற பதில்தான் 35 தடவை 60 நட்டத்தைத் தடுத்தது, 10 தடவை 80 லாபத்தைக் கெடுத்தது. 2100இல் 800 போனால் 1300. முடிவு மாறிய இடத்தில் மட்டும்தான் மதிப்பு பிறக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். ஆரம்பத்திலேயே நல்ல சந்தைக்கு 80 சதவீதம் வாய்ப்பு இருந்தால்? அதே ஆய்வு 'வேண்டாம்' என்று சொல்லும் 30 தடவையில் 16 நல்ல சந்தை, 14 மந்தம். 1280இல் 840 போனாலும் 440 மிச்சம். 'வேண்டாம்' என்றாலும் கட்டுவதே லாபம். அப்படியானால் அந்த ஆய்வின் மதிப்பு சுழியம். அதனால்தான் 'ஆய்வு மதிப்பு' எனக்கு உவப்பாக இல்லை. ஆய்வுக்கென்று நிலையான மதிப்பு இருப்பதுபோலத் தொனிக்கிறது.

பத்மா எழுதியது:

ஆய்வு நடத்தித் தருபவர்களுக்குக் கொடுக்கும் தொகைக்குத்தானே பெயர் கேட்கிறீர்கள்? 'ஆய்வுக் கட்டணம்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே.

நானும் ஒரு தடவை கொடுத்திருக்கிறேன். மடக்கும் அட்டைப்பெட்டி செய்யும் சிறு ஆலை தொடங்கும் முன் ஒரு நிறுவனத்தை வைத்து ஆய்வு செய்தோம். 60 கடைக்காரர்களிடம் 'இப்படி ஒரு பெட்டி வந்தால் வாங்குவீர்களா?' என்று கேட்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் வாங்குவோம் என்றார்கள். விலையைச் சொல்லிக் கேட்கவே இல்லை. முதல் வருடம் இயந்திரம் பாதி நாள் சும்மா நின்றது. வினாத்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

இளங்கோ எழுதியது:

பத்மா அம்மா, படிக்கவே வருத்தமாக இருக்கிறது. கட்டணம் நாம் கொடுப்பது, கயல் கேட்பது நமக்குக் கிடைப்பது. 13 வரை கொடுக்கலாம், அதற்கு மேல் கொடுத்தால் நட்டம். அதுகூட ஆய்வு உடனே முடிந்தால்தான். ஆறு மாதம் இழுத்தால், வருடத்துக்கு 12 சதவீதக் கழிவு வீதத்தில் அந்த 23 இன்றைக்கு 21.7தான் பெறும். 13 என்பது 11.7 ஆகிவிடும். நாம் காத்திருக்கும்போது வேறொருவர் முந்திக்கொண்டால் இன்னும் குறையும்.

உங்கள் வினாத்தாளுக்கும் இந்தக் கணக்கில் இடம் உண்டு. விலை சொல்லாமல் கேட்டால் மந்தமான சந்தையிலும் 'வாங்குவோம்' என்றுதான் பதில் வரும். கயல் கணக்கிலுள்ள அந்த 70, சுழியத்துக்குப் பக்கத்தில் போய்விடும். எந்தச் சந்தையிலும் 'கட்டலாம்' என்று மட்டுமே சொல்லக்கூடிய ஆய்வு எந்த முடிவையும் மாற்றாது. ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் முன், 'எந்தப் பதில் வந்தால் நாம் கட்டாமல் விடுவோம்?' என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

துஷ்யந்தன் எழுதியது:

இலங்கையில் நாங்கள் மதிப்பைப் 'பெறுமதி' என்றுதான் எழுதுகிறோம். கையில் பெறுவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. 'ஆய்வுப் பெறுமதி' என்றால் பத்மா அக்காவுக்கு வந்த குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

கயல் எழுதியது:

துஷ்யந்தன், சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் நூல் முழுக்க 'நிகர நடப்பு மதிப்பு' என்று போய்விட்டது. இங்கே மட்டும் பெறுமதி என்றால் மாணவர்கள் வேறு ஏதோ என்று நினைப்பார்கள். அதனால் 13க்கு 'ஆய்வுப் பயன்மதிப்பு' என்றும், 30க்கு 'முழுத்தகவல் பயன்மதிப்பு' என்றும் வைக்கிறேன். பயன் என்றதும் 'யாருக்கு, எந்த முடிவில்?' என்று கேட்கத் தோன்றும். ஐயா சொன்ன சுழியமும் அதோடு ஒட்டுகிறது. பத்மா அம்மா சம்மதித்தால் அந்த வினாத்தாளைப் பயிற்சிக் கணக்காகச் சேர்க்க ஆசை, பெயர் எதுவும் இல்லாமல்.

'எதிர்பார்ப்பு' மட்டும் இன்னும் உறுத்துகிறது. 'சராசரி' என்று போட்டுவிடட்டுமா?

முருகன் எழுதியது:

42இல் எங்கே தவறினேன் என்று புரிந்தது. நன்றி ஐயா. 'சராசரி'க்கு என் ஓட்டு. 100 தடவை என்று எண்ணியபோதுதான் எனக்கே விளங்கியது.

இளங்கோ எழுதியது:

எண்ணிப் பார்க்க 100 தடவை உதவும். ஆனால் ஆலை கட்டுவது ஒரே தடவை. 'சராசரி' என்றால், நடந்து முடிந்த பல ஆலைகளின் கணக்கு என்று மாணவர் நினைத்துக்கொள்வார். இங்கே நிகழ்தகவால் எடையிட்டிருக்கிறோம், அவ்வளவுதான். 'எடையிட்ட மதிப்பு' என்றால் நீளுகிறதா? வேறு யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.

பத்மா எழுதியது:

சேர்த்துக்கொள் கயல். இரண்டாம் பக்கத்தில் ஏழாவது கேள்விதான் அது. நாளைக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன்.