‘தன் இறைவனுக்கு மது புகட்டுவான்’: ‘ரப்பு’ என்ற ஒரு சொல்லோடு பட்ட பாடு

அச்சகத்துத் தம்பி, திருச்சி

மதரஸா பிள்ளைகளுக்காகக் குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தை மட்டும் தனிச் சிறுநூலாகப் போட ஒரு பதிப்பகம் எங்களிடம் கொடுத்திருந்தது. மொழிபெயர்த்தவர் ‘ரப்பு’ வரும் இடமெல்லாம் ‘ரப்பு’ என்றே விட்டிருந்தார். பிள்ளைகளுக்குப் புரியாது, எல்லாவற்றையும் ‘இறைவன்’ ஆக்கிவிடு என்றார்கள். கணினியில் ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு, வேற்றுமை உருபுக்கு ஒரு தடவையாக ஐந்தாறு முறை ஓட்டினேன். ‘ரப்புக்கு’ என்றால் ‘இறைவனுக்கு’, ‘ரப்பை’ என்றால் ‘இறைவனை’. பத்து நிமிட வேலை.

மறுநாள் ப்ரூஃப் பார்க்க வந்த ஹஜ்ரத் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். “தம்பி, இந்த வரியை நீ சத்தமாக வாசி” என்றார். வாசித்தேன். “சிறைத் தோழர்களே, உங்கள் இருவரில் ஒருவன் தன் இறைவனுக்கு மது புகட்டுவான்.”

அவர் திட்டவில்லை. “அஸ்தஃபிருல்லாஹ்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. இந்தச் சொல்லோடு வேறு யாராவது மல்லுக்கட்டியிருக்கிறீர்களா? என்ன செய்தீர்கள்?

வேலூர் ஓதியவர்

தம்பி, உன் கணினி விழுந்த குழியில் பெரிய ஆட்களும் ஒரு கால் வைத்திருக்கிறார்கள். அரபியில் ‘ரப்பு’ என்பது அல்லாஹ்வுக்கு மட்டும் உரிய சொல் அல்ல. உடையவர், வளர்ப்பவர், பொறுப்பாளர் எல்லாம் அதில் அடங்கும். வீட்டுக்காரியை இன்றைக்கும் அரபியில் ‘ரப்பத்துல் பைத்’ என்பார்கள். தமிழில் நாம் தொழுகையிலும் துஆவிலும் மட்டுமே அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு, அது இறைவனின் பெயர் மாதிரியே ஆகிவிட்டது.

யூசுஃப் அத்தியாயத்தில்தான் இது நன்றாக மாட்டிவிடும், ஏனென்றால் கதை ஓர் அரசனின் நாட்டில் நடக்கிறது. 12:41இல் மது புகட்டப்படும் ‘ரப்பு’ அரசன். 12:50ஐப் பார். அரசனின் ஆள் சிறைக்கு வருகிறான். யூசுஃப் நபி சொல்கிறார்: உன் ரப்பிடம் திரும்பிப் போய், கையை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் விஷயம் என்ன என்று கேள், என் ரப்பு அவர்களின் சூழ்ச்சியை நன்கு அறிந்தவன். ஒரே வசனத்தில் முதல் ரப்பு அரசன், இரண்டாம் ரப்பு அல்லாஹ். அந்த ஆளுக்கு அங்கே வரும் சொல்லும் இறைத்தூதரைக் குறிக்கும் அதே ‘ரசூல்’தான். நல்ல வேளை, தமிழில் ‘தூதர்’ இரண்டுக்கும் ஓரளவு தாங்கும்.

தமிழாக்கங்கள் பெரும்பாலும் இங்கே ‘எஜமான்’ என்று பிரித்துவிடுகின்றன. தப்பில்லை. ஆனால் ஒன்று போய்விடுகிறது. 12:39இல் அதே சிறைத் தோழர்களிடம், “பல ரப்புகள் மேலா, ஒருவனான அல்லாஹ் மேலா?” என்று கேட்டுவிட்டுத்தான், இரண்டு வசனம் கழித்து “ஒருவன் தன் ரப்புக்கு மது புகட்டுவான்” என்ற செய்தி வருகிறது. அரபியில் கேட்பவனுக்கு அந்த உரசல் காதில் விழும். ‘தெய்வங்கள்’ என்று ஓரிடம், ‘எஜமான்’ என்று ஓரிடம் போட்டால் விழாது.

மேலப்பாளையத்தான்

‘ரட்சகன்’ என்று போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே? ஆனால் அது கிறிஸ்தவர்களின் சொல், நாம் எடுக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

வேலூர் ஓதியவர்

இரண்டும் பாதிதான் சரி தம்பி. ‘தன் ரட்சகனுக்கு மது புகட்டுவான்’ என்று வாசித்துப் பார், அதே கதைதான். அப்புறம் ரட்சகன் என்றால் காப்பவன், வடமொழியிலிருந்து வந்தது, யாருக்கும் பட்டா கிடையாது. நம்மவர்களும் எழுதியிருக்கிறார்கள், இன்றும் எழுதுகிறார்கள். ஆனால் வெளியாள் ஒருவர் அதை வாசித்தால் இயேசுவைச் சொல்லும் ‘இரட்சகர்’தான் நினைவுக்கு வரும், பாவத்திலிருந்து மீட்பவர் என்ற பொருளோடு. அந்தப் பொருள் ரப்பில் இல்லை. உன் தயக்கம் நியாயம், நீ சொன்ன காரணம்தான் சரியில்லை.

தமிழய்யா, ஓய்வு

நான் இஸ்லாமியன் அல்லன், அரபியும் தெரியாது. ஆனால் அந்தத் தம்பியின் வரி பழைய தமிழில் பிழையே இல்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

குறளில் ‘இறைமாட்சி’ என்ற அதிகாரம் அரசனைப் பற்றியது. 733ஆம் குறளில் ‘இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு’ என்கிறார். அங்கே இறைவன் அரசன், இறை வரிப்பணம். அதே நூலின் முதல் அதிகாரத்தில் ‘இறைவன் அடிசேரா தார்’ என்னும்போது இறைவன் கடவுள். ஒரு சொல், இரண்டு பொருள், வள்ளுவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. நீங்கள் சொல்லும் ரப்புக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. சொல் சரிதான், ஆயிரத்தைந்நூறு ஆண்டு தாமதமாக அச்சுக்குப் போயிருக்கிறது, அவ்வளவே.

காயல் மச்சான்

அய்யா சொன்னது பிரமாதம். இறைவன் தேய்ந்துவிட்டான் என்றால் ‘ஆண்டவன்’ இருக்கிறதே? ஆண்டவன், ஆண்டை, ஒரே வேர். கடவுளுக்கு ஆண்டவன், முதலாளிக்கு ஆண்டை என்று போட்டால் ஓசையும் ஒத்துப்போகும்.

தஞ்சாவூர்க்காரர்

ஓசை ஒத்துப்போகும். என் தாத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரப்போரம் நின்று ‘ஆண்டே’ என்று கூப்பிட்டவர். அந்தச் சொல் பிள்ளைகள் வாசிக்கும் புத்தகத்தில் வேண்டாம்.

காயல் மச்சான்

சரிங்க. அது எனக்குத் தோன்றவில்லை. வாபஸ்.

வாணியம்பாடி வியாபாரி

நானும் ஒன்று கேட்க வேண்டும். மகள் நிக்காஹ் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. ‘ரப்’ என்று போடுவதா, ‘ரப்பு’ என்று போடுவதா? மாப்பிள்ளை வீட்டில் கடைசி உகரம் அரபியில் இல்லை என்கிறார்கள்.

அச்சகத்துத் தம்பி, திருச்சி

அண்ணே, இங்கே பேசுவது பொருளைப் பற்றி. எழுத்தைப் பற்றி இல்லை.

பேருவளை டீச்சர்

நான் இலங்கையில் பாடசாலையில் இஸ்லாம் பாடம் படிப்பிக்கிறேன். எனக்கு ரப்பைவிட அதற்குப் பின்னால் வரும் வினைமுற்றுதான் தலையிடி.

நாங்கள் அல்லாஹ்வை ‘அவன்’ என்கிறோம். ஒருமை ஒருமையாகவே இருக்க வேண்டும் என்பதற்காக. பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளை ஒருநாள், “டீச்சர், உங்கட கடவுளுக்கு ஏன் மரியாதை இல்லாமல் பேசுறீங்கள்?” என்று கேட்டது. அது பரவாயில்லை, சொல்லி விளங்கப்படுத்தலாம். சிக்கல் 12:23இல் வருகிறது. வீட்டுக்காரி கதவுகளை அடைத்துவிட்டு அழைக்கிறாள். யூசுஃப் நபி, “அல்லாஹ் காப்பானாக! அவர் என் ரப்பு, எனக்கு நல்ல தங்குமிடம் தந்தவர்” என்கிறார். இப்போது நான் ‘அவர்’ என்று எழுதினேன் அல்லவா, அதிலேயே முடிவைச் சொல்லிவிட்டேன். அவர், தந்தவர் என்றால் வீட்டு எஜமான். அவன், தந்தவன் என்றால் அல்லாஹ். அரபியில் இரண்டுக்கும் ஒரே ‘ஹு’ தான். விரிவுரைகளில் இரண்டு கருத்தும் இருக்கிறது. தமிழில் எழுதப் பேனாவைத் திறந்தவுடனே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

வேலூர் ஓதியவர்

ராத்தா நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். நான் எஜமான் பக்கம். இரண்டு வசனம் முன்னால், 12:21இல், யூசுஃபை வாங்கியவர் தன் மனைவியிடம் “இவருடைய தங்குமிடத்தைக் கண்ணியமாக வை” என்கிறார். அங்கே வரும் ‘மஸ்வா’ என்ற அதே சொல்தான் 12:23இலும் வருகிறது. தங்க இடம் கொடுத்தவருக்குத் துரோகம் செய்ய மாட்டேன் என்ற பேச்சு அது. ஆனால் ஒரு நபி மனிதரைப் போய் ‘என் ரப்பு’ என்பாரா என்று மறுப்பவர்களின் கேள்வியும் லேசானது அல்ல.

காயல் மச்சான்

செயப்பாட்டு வினையில் தப்பிக்கலாமே? ‘எனக்கு இங்கே நல்ல தங்குமிடம் தரப்பட்டிருக்கிறது.’

பேருவளை டீச்சர்

தப்பிக்கலாம் மகன், ஆனால் யார் தந்தது என்பதுதான் அவர் மறுப்பதற்கே காரணம். அதை எடுத்துவிட்டால் வசனத்தில் என்ன மிஞ்சும்?

அச்சகத்துத் தம்பி, திருச்சி

எங்கள் நூலில் 12:41, 12:50 முடிந்தது, ‘எஜமான்’. 12:23இல் ஹஜ்ரத் ‘அவர்’ என்று வைத்து, அல்லாஹ்வைக் குறிப்பதாகவும் கொள்வர் என்று அடிக்குறிப்பு போடச் சொன்னார்.

மாட்டிக்கொண்டது 12:42. விடுதலையாகப் போகிறவனிடம், “உன் ரப்பிடம் என்னைப் பற்றிச் சொல்” என்கிறார் யூசுஃப் நபி. அடுத்து, ஷைத்தான் மறக்கடித்துவிட்டான். யாரை? ‘அவன் தன் எஜமானிடம் சொல்ல மறந்தான்’ என்றும் எழுதலாம், ‘அவர் தம் இறைவனை நினைக்க மறந்தார்’ என்றும் எழுதலாம். டீச்சர் சொன்ன அவன், அவர் போதாதென்று இங்கே தன், தம் வேறு.

வேலூர் ஓதியவர்

பழைய சண்டை அது. மனிதனிடம் சிபாரிசு கேட்டதால் யூசுஃப் நபிதான் மறந்தார் என்ற அறிவிப்புகள் தபரீயின் விரிவுரையில் இருக்கின்றன. இப்னு கஸீர் அதை ஏற்கவில்லை, மறந்தது அந்த ஆள்தான் என்கிறார். 12:45ஐப் படித்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. விடுதலையானவனுக்குக் காலம் கழித்து நினைவு வந்தது என்று வருகிறது. மறந்தவனுக்குத்தானே நினைவு வரும்?

அந்த வசனத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது தம்பி. ‘காலம் கழித்து’ என்பதற்கு அங்கே வரும் சொல் ‘உம்மத்’, நாம் வழக்கமாகச் சமுதாயம் என்று பொருள் கொள்ளும் அதே சொல். அதையும் மாற்றியிருக்கிறாயா?

அச்சகத்துத் தம்பி, திருச்சி

இப்போதுதான் கோப்பைத் திறந்து பார்த்தேன். ‘ஒரு சமுதாயத்துக்குப் பிறகு அவனுக்கு நினைவு வந்தது’ என்று இருக்கிறது. ஹஜ்ரத்தும் கவனிக்கவில்லை. பிளேட் இன்னும் போடவில்லை, தப்பித்தேன்.

தமிழய்யா, ஓய்வு

அடைப்புக்குறிக்குள் இரண்டு பொருளையும் போட்டுவிடுங்களேன்.

பேருவளை டீச்சர்

அய்யா, பிள்ளைகள் சத்தமாக வாசிக்கும்போது அடைப்புக்குறி காதுக்குத் தெரியாது. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை மொழிபெயர்ப்பாளர் சேர்த்த சொல்லையும் வசனம் என்றே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது. அடிக்குறிப்பு நல்லது, சிறுசு வாசிக்காது என்றாலும் பெரியவர்கள் வாசிப்பார்கள்.

அச்சகத்துத் தம்பி, திருச்சி

12:42க்கு அடிக்குறிப்பு என்று ஹஜ்ரத்திடம் சொல்லியிருக்கிறேன். மேலே எந்தப் பொருள், கீழே எந்தப் பொருள் என்று அவரும் மொழிபெயர்த்தவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் சொல்வார்களாம்.

வாணியம்பாடி வியாபாரி

அந்த உகரத்தை மட்டும் யாராவது சொல்லிவிடுங்கள். எனக்கும் திங்கட்கிழமைதான்.

தமிழய்யா, ஓய்வு

உகரத்தோடு போடுங்கள். தமிழில் வல்லின மெய்யோடு சொல் முடியாது, நாக்கு தானாக ஒரு உகரம் சேர்த்துக்கொள்ளும். மாப்பிள்ளை வீட்டாரையும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.