மகள் குர்ஆன் முடிக்கிறாள், இரண்டு சந்தேகம்

அஸ்ஸலாமு அலைக்கும். அடுத்த ஞாயிறு மகளுக்கு முதல் கத்தம். தெம்பனிஸில் எங்கள் வீட்டிலேயே, முப்பது பேர் வருகிறார்கள். ஓதிக் கொடுத்த ஆலிமா, கடைசி ஜுஸ்வில் ‘வள்ளுஹா’வுக்கு முன்னாலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். அங்கிருந்து ‘நாஸ்’ வரை 22 சூராக்களைச் சபையில் அவள் ஓத வேண்டும். அப்புறம் ஃபாத்திஹா, பகராவின் முதல் ஐந்து ஆயத்துகள், கத்தம் துஆ.

ஒவ்வொரு சூரா முடிவிலும் தக்பீர் சொல்வதுதான் சிக்கல். மூச்சு விடாமல் ‘ஃபஹத்திஸ்’ஸோடு சேர்த்தே சொல்லிவிடுகிறாள். அங்கே நிறுத்தி, சபையில் உள்ளவர்களே தக்பீர் சொல்லட்டும் என்று விட்டால் பிள்ளைக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்குமே? அப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? இக்லாஸை மூன்று முறை ஓத வேண்டும் என்கிறார் மாமி. ஆலிமா ஒருமுறை போதும் என்கிறார். அதை அவர்களே பேசிக்கொள்ளட்டும்!

அடுத்தது அன்பளிப்பு. ஊரில் உஸ்தாதுக்குத் தாம்பாளத்தில் வேட்டி, சட்டைத் துணி, பணம் வைப்போம். ஆலிமாவுக்கு என்ன வைப்பது? சேலை கட்டி நான் பார்த்ததில்லை, எப்போதும் அபாயாதான். பணம் மட்டும் உறையில் கொடுத்தால் வெறுமையாகத் தெரியுமா?

சாப்பாட்டுக் கவலை இல்லை. பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் புலுட் கூனிங் செய்து தருகிறேன் என்றுவிட்டார்.